அத்தையின் பெயரில் இருந்த காணி

தை மாதம் பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள், அப்பா என்னைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கூட்டிப் போவார். பையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் ஒரு சீப்பு பழமும் இருக்கும். போய்ச் சேருகிற வீட்டில் ஒரு அம்மாள் இருந்தார். அப்பா அவரை அக்கா என்றார், நான் அத்தை என்றேன். அத்தையிடம் அப்பா அதிகம் பேசியதில்லை. இருமல் எப்படி, ராத்திரி தூக்கம் வருகிறதா, கால் வீக்கம் குறைந்ததா என்றுதான் கேட்பார். பேருந்தில் திரும்பும்போது அவர் முகம் தெளிந்திருக்கும். அத்தைக்கு உடம்பு சரியில்லாத வருடங்களில் அம்மாவிடம் ஏதோ மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

அத்தை எங்களுக்கு எந்த விதத்திலும் உறவில்லை என்பது எனக்குப் பத்தாம் வகுப்பு முடித்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் குடியிருந்த வீடும், வீட்டைச் சுற்றி மல்லாட்டையும் கேப்பையும் விளைந்த ஒரு காணி நிலமும், அந்த அம்மாளின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

விவரம் இதுதான். அத்தையின் கணவர் தன் அண்ணனிடம் பாகம் பிரித்துக்கொண்டு தனியாகப் பயிர் செய்தவர். கல்யாணமான மறு வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. நிலம் அத்தைக்கு வந்தது. ஆனால் அன்றைய சட்டத்தில் விதவைக்கு வரும் சொத்து முழுதாக வருவதில்லை. உயிரோடு இருக்கும்வரை விளைச்சலை அனுபவிக்கலாம். கணவன் வைத்த கடன், குடும்பத்துக்குத் தவிர்க்க முடியாத செலவு என்று தக்க அவசியம் இருந்தால் விற்கலாம். அப்படி ஒரு அவசியம் இல்லாமல் விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது அந்த விதவையின் ஆயுள் வரைக்கும் உள்ள உரிமை மட்டுமே. அவர் கண்ணை மூடியதும் நிலம் கணவனின் வாரிசுகளுக்குப் போய்விடும்.

அத்தை விற்றது 1954இல். வாங்கியவர் என் தாத்தா. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 ஜூன் 17. அந்தத் தேதியில் ஒரு இந்துப் பெண்ணின் வசம் இருந்த சொத்து எதுவானாலும், அதுவரை அவர் ஆயுள் உரிமைக்காரராக இருந்திருந்தாலும், அன்று முதல் முழு உடைமையாகிவிட்டது. அத்தை இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அவர் முழுச் சொந்தக்காரர் ஆகியிருப்பார். அதற்குப் பிறகு தாத்தா வாங்கியிருந்தால் எங்களுக்கு ஒரு பயமும் இருந்திருக்காது. ஆனால் சட்டம் வந்த அன்று நிலம் அத்தை வசம் இல்லை, எங்கள் வசம் இருந்தது. வாங்கியவருக்கு அந்தச் சட்டம் எதையும் கொடுக்கவில்லை. தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு வருட இடைவெளியைத்தான் சொல்வேன்.

அப்பா இறந்த பிறகு விழுப்புரத்துக்குப் போகும் வேலை எனக்கு வந்தது. நான் ஒரே மகள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பழைய ஓட்டு வீட்டை இடித்து அதே இடத்தில் மாடி வீடு கட்டினேன். கட்டும்போதே என் கணவர் கேட்டார்.

“அந்தம்மா மூச்சு நின்னா நம்ம வீடு யார் வீடு? அவங்களுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம். செங்கல்லவிட அதான் கெட்டி அஸ்திவாரம்.”

சிரித்தேன். மறு வாரமே விழுப்புரத்துக்குப் போய் வந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தையை வைத்துப் பார்த்துக்கொள்வது அவருடைய அண்ணன் மருமகள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவள்தான் போன் செய்தாள். நான் பை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் அத்தை கணவருடைய அண்ணனின் பேரன் நின்றிருந்தான். செங்கல் சூளை வைத்திருப்பவன். எங்கள் ஊரிலேயே இருக்கிறான்.

“இன்னாக்கா, பையும் கையுமா? ஆயாவைப் பாக்கவா?”

“ஆமாம்பா.”

“நல்லாப் பாத்துக்குங்க. எங்களவிட நீங்கதான அதுக்குக் கஞ்சி ஊத்திக்கினு இருக்கீங்க.” பல் குத்திக்கொண்டே என் வீட்டை அண்ணாந்து பார்த்தான். “மேல ரெண்டு ரூமா, மூணு ரூமா?”

“ரெண்டு.”

“ரெண்டு போதும். எங்க வூட்ல ஜாஸ்தி ஆள் கிடையாது.”

அந்த முறை அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்த மூன்று நாளில் நான் புரிந்துகொண்டது, இனி பழமும் மல்லாட்டையும் கொடுத்துக் காத்திருக்க முடியாது என்பதுதான்.

திண்டிவனம் கோர்ட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீல் இருந்தார். பழைய கிரயப் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“புருஷன் வச்ச கடனுக்காகன்னு எழுதியிருக்கு. நெஜமாவே கடன் இருந்துச்சா?”

“இல்லைன்னு அத்தையே சொல்லுவாங்க. அந்தப் பணத்துல அவங்க அண்ணன் வண்டியும் மாடும் வாங்கினாராம்.”

“அவசியம் இருந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது வாங்கினவங்க. சாட்சியெல்லாம் செத்திருப்பாங்க. பத்திரத்துல இருக்கிற வார்த்தைக்குக் கோர்ட்டு கொஞ்சம் மதிப்பு குடுக்கும். அதை மட்டும் நம்பி வீட்டை வைக்காதீங்க மேடம்.”

என் கணவர் குறுக்கிட்டார். “எழுவது வருஷமா நாங்கதான அனுபவிக்கிறோம்? அதுக்கு ஒண்ணுமே கிடையாதா?”

“அந்தச் சூளைக்காரப் பையனுக்கு உரிமை பிறக்கறதே அவங்க செத்த அன்னிக்குத்தான். அதுலேர்ந்து பன்னண்டு வருஷம் வரைக்கும் அவன் கேஸ் போடலாம். உங்க எழுவது வருஷம் அவன்கிட்ட செல்லாது.”

பிறகு அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பிடிக்காது என்றார். நிலத்தை அத்தைக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பழையபடி அது அவர் வசம் வந்த கணத்தில், இன்றைய சட்டம் அவரை முழுச் சொந்தக்காரர் ஆக்கிவிடும். பங்காளிகளின் பழைய பாத்தியம் அதோடு முடிந்தது. சுப்ரீம் கோர்ட்டே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு அத்தை விரும்பினால் எங்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்போது எங்களுக்கு வருவது குறையில்லாத முழு உரிமை.

“காலையில குடுத்து சாயங்காலம் வாங்கிக்கலாமா?” என்றார் என் கணவர்.

“அதான் கூடாது சார். பேருக்குக் குடுத்து வாங்கின நாடகம்னு அவன் சொல்லுவான். நெஜமாவே குடுக்கணும். பட்டா அவங்க பேருக்கு மாறணும். நீங்க அவங்களுக்குக் குத்தகைக்காரரா உக்காரணும். கொஞ்ச நாள் போகட்டும்.”

“நடுவுல அவங்க செத்துட்டா?”

“எதுவும் எழுதி வைக்காம செத்தா, பிள்ளை இல்லாததால புருஷன் வழி வாரிசுக்குப் போகும். சூளைக்காரப் பையனுக்கு.” வக்கீல் என்னைப் பார்த்தார். “செத்தாலாவது பரவாயில்ல மேடம். உசுரோட இருந்து, குடுக்க மாட்டேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அது அவங்க சொத்து.”

விழுப்புரத்துக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்ததும் மருமகளைப் பார்த்தார்.

“இன்னாடி சொல்றா இவ? என் நிலத்தை எனக்கே குடுக்கறாளாம்!”

“ஆமாம்மா. அப்புறம் நீங்க திரும்ப எழுதிக் குடுக்கணுமாம்.”

“குடுக்கலன்னா?”

மருமகள் சிரித்தாள். அத்தையும் பல் இல்லாத வாயால் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, இடைப்பட்ட நாளைக்கு ஒரு உயில் மட்டும் எழுதிவைத்தால் எனக்கு நிம்மதி என்றேன். அத்தையின் முகம் மாறிவிட்டது.

“எங்க அண்ணன் உயில் எழுதினான், அந்த மாசமே போய்ச் சேர்ந்தான். எங்க அப்பனும் அப்படித்தான். அந்தப் பேச்சு என்கிட்ட எடுக்காத. வேற எங்க கை வைக்கணுமோ சொல்லு, வைக்கிறேன்.”

உயில் இல்லாமலே பத்திரத்துக்கு நாள் குறித்தோம்.

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருந்த எழுத்தர் எங்கள் பத்திரத்தைத் தயார் செய்தார். பதிவுக்கு வந்த அன்று காலை, காரில் அத்தை உட்கார்ந்திருக்க, எழுத்தர் பெருமையோடு என்னிடம் காகிதத்தைக் காட்டினார்.

“உங்களுக்குப் பாதுகாப்பா ஒரு வரி சேர்த்திருக்கேன்மா. அவங்க ஆயுள் பரியந்தம் அனுபவிச்சு, அப்புறம் உங்களுக்கே திரும்பி வரணும்னு. வயசான பொம்பளைங்களுக்கு எழுதறப்ப எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் போடறது.”

என் நெஞ்சு இலேசானது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். என் கணவர் எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வக்கீல் வந்து படித்தார். படித்ததுமே அந்த வரியின் மேல் குறுக்கே கோடு போட்டார்.

“அய்யா, கவுத்துட்டீங்களே! ஆயுளுக்கு மட்டும்னு பத்திரமே சொல்லிட்டா, சட்டமும் ஆயுளோட நிறுத்திடும். அதே சட்டத்துல ரெண்டாவது உட்பிரிவு அதுக்குன்னே இருக்கு. இவங்க கையில இருக்கிறதே அந்தம்மா ஆயுள் வரைக்கும் உள்ள உரிமை. அதை அவங்க ஆயுளுக்குன்னு திருப்பிக் குடுத்தா இன்னா மிஞ்சும்? அவங்க போன மறுநாள் சூளைக்காரன் வந்து நிப்பான்.”

“பாதுகாப்புக்குத்தான் மேடம் போட்டேன்...”

“பாதுகாப்பே வேணாம். சர்வ சுதந்திர பாத்தியத்தோட, எந்த நிபந்தனையும் இல்லாமன்னு அடிங்க. ஜல்தி.”

புதுக் காகிதம் அச்சாகி வரும்வரை நான் புளியமரத்தடியில் நின்றேன். எனக்கென்று ஒரு சொல்லைக்கூடப் பிடித்துவைத்துக்கொள்ளாமல், என் வீட்டைக் கொடுத்தால்தான் அது எனக்கு வரும். இதைப் புத்தி ஏற்றுக்கொண்டது. கையெழுத்துப் போட்டேன். அத்தையும் வாங்குபவராக, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

வெளியே வந்ததும், நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். ஊன்றுகோலோடு மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு செடியைப் பிடுங்கச் சொல்லி, காய்ப்பிடிப்பைப் பார்த்தார்.

“களை எடுக்கலியா? என் நிலத்தை இப்படியா வச்சிருப்பீங்க?”

என் கணவர், “எடுத்துடறோம்மா” என்றார், வேலைக்கு வந்த ஆள் போல.

சில வாரங்களில் பட்டா அத்தை பெயருக்கு மாறியது. குத்தகைப் பணத்தை அவர் கையில் கொடுத்தேன், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். செய்தி எப்படியோ சூளைக்காரனுக்குப் போய்விட்டது. முன்பு அத்தை எப்போது சாவார் என்று காத்துக்கொண்டிருந்தவன், ஹார்லிக்சும் ஆப்பிளுமாக விழுப்புரத்துக்குப் போக ஆரம்பித்தான். மருமகள் போனில் சொன்னாள்.

“அக்கா, இன்னிக்கும் வந்துச்சு. கால் புடிச்சு உட்டுக்கினு உக்காந்திருக்கு. எங்க தாத்தா உன்னைத் தங்கச்சி மாதிரி வச்சிருந்தாரு ஆயான்னு ஒரே அழுகை.”

“அத்தை இன்னா சொன்னாங்க?”

“நல்லா அமுக்குடாங்குது.”

“எழுதிக் குடுன்னு கேட்டானா?”

“கேட்டுச்சு. அதுக்கு நாம இன்னா சொல்ல முடியும்க்கா? அவங்க சொத்து, அவங்க இஷ்டம்.”

அந்தச் சொல் அவள் வாயில் வந்தபோது எனக்கு இன்னொரு பயமும் பிறந்தது. அத்தையைக் குளிப்பாட்டுவது அவள், மாத்திரை கொடுப்பது அவள், ராத்திரி இருமினால் எழுந்திருப்பது அவள். அவளுக்கு இருப்பதோ வாடகை வீடு. அவள் கேட்க மாட்டாள் என்று எதை வைத்து நான் நம்புவது?

மாசி கடைசியில் அத்தைக்கு மறுபடி மூச்சு வாங்கியது. செய்தி வந்தபோது நான் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் மாடிக்குப் போய், இரண்டு அறைகளின் சுவரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூழ் அடிப்பிடித்த வாசனை மேலே வந்தது. என் கணவர் படியேறி வந்தார். கேலி எதுவும் பேசவில்லை. “அப்படி எதுவும் ஆச்சுன்னா வாடகைக்குப் போவோம்” என்றார். அவர் கேலி பேசாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அத்தை தேறினார். பங்குனியில் மருமகளிடம் போன் போடச் சொல்லி அவரே பேசினார்.

“ஏண்டி, இன்னும் எத்தினி நாளைக்கு இதை என் தலையில வச்சிருப்ப? காரை அனுப்பு. நான் வர்றேன்.”

“என்ன எழுதறதுன்னு...”

“அதை அங்க வந்து சொல்றேன். எழுதறவனை மட்டும் உக்கார வை.”

எழுத்தரின் கடையில் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான், என் கணவர், வக்கீல், மருமகள் எல்லோரும் நின்றோம். எழுத்தர் எழுதித் தயாராக வைத்திருந்த பத்திரத்தைப் படித்தார். காணி முழுதும் எனக்கு என்று இருந்தது. அத்தை கை காட்டி நிறுத்தினார்.

“அப்படி நான் சொல்லலியே. ரெண்டா எழுது. வீடும், வீட்டுக்குக் கிழக்கால பாதிக் கொல்லையும் இவளுக்கு. மேற்கால பாதி இதோ நிக்கிறாளே, எங்க அண்ணன் மருமவ, இவளுக்கு.”

மருமகள், “அம்மா, எனக்கு இன்னாத்துக்கு...” என்று ஆரம்பித்தாள். அத்தை அவளைப் பார்க்கவே இல்லை.

என் கணவரால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, எங்க மாமனாரோட அப்பா காசு குடுத்து வாங்கின நிலம் இது.”

“குடுத்தாரு. எங்க அண்ணன் வாங்கிக்கினான். வண்டி வாங்கினான், மாடு வாங்கினான். என்கிட்ட கை நீட்டுன்னாங்க, நீட்டினேன். மையைத் தடவினாங்க. அந்தக் காசு எந்தக் கலர்ல இருந்துச்சுன்னுகூட நான் பாக்கலப்பா. இப்பத்தான் என்னை ஒருத்தர் கேக்கறாங்க, யாருக்கும்மா எழுதணும்னு. எனக்குத் தோணினதைத்தான நான் சொல்ல முடியும்?”

வக்கீல் என்னை ஓரமாக அழைத்தார். “வீடு வருது. ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க கையில இல்ல மேடம். அவங்க மனசு மாறி மூணாப் பிரிக்கச் சொல்றதுக்குள்ள உள்ள போயிடலாம்.”

இரண்டு பத்திரங்கள் அச்சாகி வர மதியமாகிவிட்டது. வாசலில் சூளைக்காரன் பைக்கைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தான். “ஆயா, அவசரப்படாத. வூட்டுக்குப் போய் யோசிச்சு எழுதலாம்” என்றான். அத்தை நின்றார். அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“கால் நல்லா அமுக்குவ. அதுக்கு நிலம் குடுக்க முடியாதுடா.”

உள்ளே சார்பதிவாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “பாட்டி, உங்க சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?”

அத்தை பதில் சொல்லவில்லை. சார்பதிவாளர் மறுபடி கேட்டார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“காது சரியா கேக்கலப்பா. உரக்கக் கேளு.”

மூன்றாம் முறை அவர் உரக்கக் கேட்டார்.

“ஆமாம். நானேதான் குடுக்கறேன். எனக்குத்தான் பாத்தியம்.”

கையெழுத்துப் போட்டார். கைரேகை வைத்தார். அடுத்து, வாங்குபவராக என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் துண்டின் மேல் விரலை வைத்தேன். இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினி முன்னால் இருந்த பெண் எட்டி என் கையைப் பார்த்தாள்.

“கை பூரா வேர்த்திருக்குமா. புடவையில தொடைச்சிட்டு வைங்க. பயப்படாதீங்க, எல்லாம் முடிஞ்சிடுச்சு.”

துடைத்தேன். மறுபடியும் வேர்த்தது. பக்கத்தில் நின்ற மருமகள் தன் முந்தானையை நீட்டினாள். அதில் துடைத்துவிட்டு விரலை வைத்தேன்.